இறுதி எழுத்துப்பூர்வ எச்சரிக்கைக்கு எதிரான மேல்முறையீட்டுக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குக் கொடுத்த எச்சரிக்கை நியாயமே இல்லை. கடிதத்தில் அதைத்தானே எழுத வேண்டும்?

அந்த எண்ணம் உங்களை எழுதத் தூண்டலாம். ஆனால் கடிதத்தைப் படிக்கும் அதிகாரிக்கு அதில் வேலை இல்லை. மேல்முறையீட்டை விசாரிப்பவர் முன் இருப்பது இரண்டே கேள்விகள்தாம். நிறுவனம் தன் விதிகளின்படி நடந்ததா என்பது ஒன்று. அவர்கள் முன் இருந்த ஆதாரத்தைக் கொண்டு இந்த முடிவுக்கு வர முடியுமா என்பது மற்றொன்று. நீங்கள் எழுதும் ஒவ்வொரு பத்தியும் இவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் பதிலாக இருக்க வேண்டும். எதற்கும் பதிலாக இல்லாத பத்தியை, அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், எடுத்துவிடுவது நல்லது.

இனி வரும் பதில்களுக்கு ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு சரக்குக் கிடங்கில் எழுத்தராக இருப்பவரின் பயனர் கணக்கிலிருந்து, மார்ச் 14 மாலை 6.40க்கு, 40 பெட்டிகள் என்றிருந்த இருப்பு 28 பெட்டிகள் என்று மாற்றப்பட்டிருக்கிறது. மார்ச் 24 அன்று அவருக்கு விசாரணை அழைப்பு வருகிறது. 26 அன்று கூட்டம். 31 அன்று இறுதி எச்சரிக்கை. அவர் அன்று 6.25க்கே கிளம்பிவிட்டார். ஆனால் கணினியில் தன் கணக்கை மூடாமல் கிளம்பினார்.

மேல்முறையீட்டுக்கு ஏழு நாள் கெடு. அதில் மூன்று நாள்தான் மீதி. கேட்ட ஆவணங்கள் இன்னும் வரவில்லை. காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். கெடு தவறிவிட்டால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். நான்கு வரியில் ஒரு கடிதம் போதும்: எந்தத் தேதியிட்ட முடிவுக்கு எதிராக மேல்முறையீடு செய்கிறீர்கள், காரணங்கள் சுருக்கமாக என்ன, எந்த ஆவணங்களை எந்தத் தேதியில் கேட்டீர்கள், அவை கிடைத்த பிறகு விரிவான காரணங்களைத் தர அனுமதி வேண்டும் என்பவை. நாள்கள் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகின்றன என்பதை விதிகளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் தேதியா, அது உங்கள் கைக்கு வந்த தேதியா, வேலை நாள்களா, எல்லா நாள்களுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஐயம் இருந்தால் முன்னதாக முடியும் தேதியையே கெடுவாகக் கொள்ளுங்கள். மின்னஞ்சலில் அனுப்பிப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி பதில் கேட்டு வாங்குவதும் தவறாமல் செய்ய வேண்டியது.

நடைமுறையில் ஏழெட்டுப் பிழைகளைக் கண்டுபிடித்துவிட்டேன். எல்லாவற்றையும் அடுக்கினால் வலு கூடாதா?

குறையத்தான் செய்யும். எட்டுப் பிழைகளில் ஐந்து அற்பமானவை என்றால், மறுப்பு எழுதுபவர் அந்த ஐந்துக்கும் எளிதாகப் பதில் சொல்லிவிட்டு, மற்ற மூன்றையும் அதே வேகத்தில் கடந்துவிடுவார்.

எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய ஒரு சோதனை இருக்கிறது. ஒவ்வொரு பிழைக்கும் கீழே “இது சரியாக நடந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன், அதனால் முடிவு எப்படி மாறியிருக்கும்?” என்று எழுதிப் பாருங்கள். நம் கிடங்கு எழுத்தருக்கு, கூட்டத்துக்கு ஐந்து வேலை நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும் என்று நிறுவன விதி சொல்கிறது. அவருக்குக் கிடைத்தது இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் வருகைப் பதிவின் நகலை வாங்க முடியவில்லை என்றால், அது எழுத வேண்டிய பிழை. எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டுதான் போனார் என்றால், அதே பிழை ஒரு வரிக்கு மேல் பெறாது. அவர் பெயரில் ஓர் எழுத்து தவறாக அச்சாகியிருந்தது என்பதை எழுதவே வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கடைசியில்தான் உணர்கிறார்கள். நடைமுறைப் பிழை மேல்முறையீட்டிலேயே சரிசெய்யப்படக் கூடியது. முதல் கூட்டத்தில் ஓர் ஆவணத்தை உங்களுக்குக் காட்டவில்லை என்றால், மேல்முறையீட்டு அதிகாரி அதை இப்போது காட்டி, உங்கள் பதிலைக் கேட்டு, “குறை நீங்கியது, முடிவில் மாற்றமில்லை” என்று எழுதிவிடலாம். ஆகவே நடைமுறையை மட்டும் நம்பிய கடிதம் பாதி வழியில் நின்றுவிடும். பிழையையும், அந்தப் பிழையால் விசாரணைக்கு வராமல் போன உண்மையையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

அழைப்புக் கடிதத்தில் ஒரு குற்றச்சாட்டு இருந்தது, முடிவுக் கடிதத்தில் வேறு ஒன்று இருக்கிறது. இது பெரிய விஷயமா?

நான் பார்த்தவரை, எல்லா நடைமுறைப் பிழைகளிலும் இதுவே கனமானது; ஆனால் கண்ணில் படாமல் போவதும் இதுதான். இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்து, குற்றச்சாட்டைச் சொல்லும் சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். நம் எழுத்தரின் அழைப்புக் கடிதம் “இருப்புப் பதிவைக் கையாள்வதில் கவனக்குறைவு” என்கிறது. முடிவுக் கடிதமோ “பதிவை வேண்டுமென்றே மாற்றினார்” என்கிறது.

இரண்டுக்கும் தற்காப்பு வேறு. கவனக்குறைவு என்று கேட்கப்பட்டவர், வேலைப்பளுவையும் பயிற்சியின்மையையும் பற்றிப் பேசிவிட்டு வருவார். வேண்டுமென்றே செய்தார் என்று கேட்கப்பட்டவர்தான், அந்த நேரத்தில் தான் அங்கேயே இல்லை என்பதற்கான சான்றைத் தேடி எடுத்து வருவார். கேட்கப்படாத கேள்விக்கு யாரும் பதில் தயாரித்துக்கொண்டு வருவதில்லை. அதைக் கடிதத்தில் இப்படி வைக்கலாம்:

“மார்ச் 24 தேதியிட்ட அழைப்புக் கடிதத்தில் என்மீது கூறப்பட்டது ‘இருப்புப் பதிவைக் கையாள்வதில் கவனக்குறைவு’ என்பதாகும். மார்ச் 31 தேதியிட்ட முடிவுக் கடிதத்தின் இரண்டாம் பத்தி, நான் ‘பதிவை வேண்டுமென்றே மாற்றியதாக’க் கூறுகிறது. இந்தக் குற்றச்சாட்டு கூட்டத்துக்கு முன்போ கூட்டத்திலோ எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. கூட்டக் குறிப்பிலும் இது குறித்த கேள்வி எதுவும் இல்லை. தெரிவிக்கப்பட்டிருந்தால், அன்று மாலை 6.25க்கு நான் பணியிடத்தை விட்டு வெளியேறியதைக் காட்டும் வருகைப் பதிவை முன்வைத்திருப்பேன். அதன் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.”

இதில் ஒரு குற்றம்சாட்டும் சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு தேதிகள், இரண்டு மேற்கோள்கள், ஒரு விளைவு, ஓர் இணைப்பு. வேறு எதுவும் தேவைப்படவில்லை.

“எனக்கு எதிராக எந்த ஆதாரமும் இல்லை” என்று எழுதலாமா?

அப்படி எழுதினால் பெரும்பாலும் அது உண்மையாக இருக்காது. நம் எழுத்தருக்கு எதிராக ஓர் ஆதாரம் இருக்கத்தான் செய்கிறது: மாற்றம் அவருடைய கணக்கிலிருந்து நடந்திருக்கிறது. பணியிட விசாரணைகளில் பொதுவாகக் கேட்கப்படுவது குற்றவியல் வழக்கின் அளவுக்கான நிரூபணம் அல்ல. எது நடந்திருக்க அதிக வாய்ப்புண்டு என்பதை நியாயமான காரணங்களோடு சொன்னால் போதும் என்றே பெரும்பாலான நிறுவனங்கள் நடந்துகொள்கின்றன. ஆகவே “நிரூபிக்கப்படவில்லை” என்ற ஒற்றைச் சொல் கடிதத்தைக் காப்பாற்றாது.

நீங்கள் காட்ட வேண்டியது இடைவெளியை. கணக்கு அவருடையது என்பது ஒரு செய்தி. விசைப்பலகையின் முன் அவர் இருந்தார் என்பது வேறொரு செய்தி. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக ஒரு சான்று வேண்டும். அது எது, அது யாரிடம் இருக்கிறது, அதை நீங்கள் எப்போது கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, அது எதைக் காட்டக்கூடும் என்ற வரிசையில் எழுதினால், விடுபட்ட ஆதாரத்தைப் பற்றிய பத்தி தானாக அமைந்துவிடும்:

“மாற்றம் எந்தக் கணினியிலிருந்து செய்யப்பட்டது என்பதையும் அந்தக் கணினியில் என் கணக்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை திறந்திருந்தது என்பதையும் காட்டும் கணினிப் பதிவை மார்ச் 25 அன்று மின்னஞ்சல் மூலம் மனிதவளப் பிரிவிடம் கேட்டேன். ‘கவனிக்கிறோம்’ என்று அன்றே பதில் வந்தது. மார்ச் 26 கூட்டத்தில் அந்தப் பதிவு வைக்கப்படவில்லை. முடிவுக் கடிதத்திலும் அதைப் பற்றிய குறிப்பு இல்லை. அந்தக் கணினியை மாலைப் பணிமுறையில் பிறரும் பயன்படுத்துகிறார்கள். ஆகவே, மாற்றத்தைச் செய்தவர் நான்தான் என்ற முடிவுக்கு இந்தப் பதிவைப் பார்க்காமல் வர இயலாது என்பது என் பணிவான கருத்து.”

“மறைத்துவிட்டார்கள்” என்று எழுத வேண்டாம். மறைத்தார்களா, மறந்தார்களா, அப்படியொரு பதிவை அந்த மென்பொருள் வைத்துக்கொள்வதே இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. “வைக்கப்படவில்லை” என்பது தெரியும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேமராப் பதிவு தேவைப்பட்டால் அதை முதல் நாளிலேயே, அழிக்காமல் பாதுகாக்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும். பல அமைப்புகளில் பழைய காட்சிகள் சில வாரங்களில் தாமாகவே அழிந்து, அதன்மேல் புதியவை பதிவாகிவிடும். “யாரோ பார்த்தார்” என்ற வாக்குமூலம் இருந்தால், அதில் தேதியும் கையொப்பமும் உண்டா, கூட்டத்துக்கு முன் நகல் கொடுத்தார்களா, அங்கே வாசித்துக் காட்டியதோடு சரியா என்பதையும் பாருங்கள்.

புலன்விசாரணை செய்தவரும் எச்சரிக்கை கொடுத்தவரும் ஒரே மேலாளர். பாரபட்சம் என்று எழுதலாமா?

அந்தச் சொல் ஒரு மனிதரின் மனநிலையைப் பற்றியது. அதை மெய்ப்பிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். இரண்டு பணிகளையும் ஒருவரே செய்தார் என்பது ஆவணத்தில் இருக்கும் உண்மை. அதை யாரும் மறுக்க முடியாது. “மார்ச் 18 அன்று என்னிடமும் சாட்சியிடமும் விவரம் கேட்டு அறிக்கை எழுதியவரும், மார்ச் 26 கூட்டத்துக்குத் தலைமை தாங்கி முடிவெடுத்தவரும் ஒருவரே. ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 6ஆம் பிரிவு இவ்விரண்டையும் வெவ்வேறு நபர்கள் செய்ய வேண்டும் என்கிறது” என்று எழுதினால் முடிந்தது. பிரிவு எண் உங்கள் விதிகளில் என்னவோ அதைப் போடுங்கள்.

விதியில் அப்படி இல்லை என்றாலோ, சிறிய நிறுவனமாக இருந்து வேறு மேலாளரே இல்லை என்றாலோ, இந்தக் காரணத்தின் வலு பெரிதும் குறையும். அப்போது மேல்முறையீட்டையாவது முன்பு தொடர்பில்லாத ஒருவர் கேட்க வேண்டும் என்று கோருவதோடு விடலாம்.

சட்டப் பிரிவுகளை மேற்கோள் காட்டினால் பயந்து இறங்கி வருவார்களா?

பெரும்பாலும் கடிதம் நிறுவனத்தின் சட்டத் துறைக்குப் போய், பதில் இறுகி வரும். நிறுவனத்தின் சொந்த விதிப்புத்தகம்தான் உங்களுக்கு முதல் துணை; தாங்களே எழுதிய விதியைத் தாங்களே மீறியதாகக் காட்டப்படும்போது மறுப்பதற்கு இடம் குறைவு. வெளியிலிருந்து எடுக்கும் மேற்கோள்கள் பல நேரம் பொருந்துவதும் இல்லை. எடுத்துக்காட்டாக, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டைய 158ஆம் உடன்படிக்கையை இத்தகைய கடிதங்களில் சிலர் சேர்க்கிறார்கள். அதன் 7ஆம் பிரிவு, குற்றச்சாட்டுக்குத் தற்காத்துக்கொள்ள வாய்ப்பளிக்காமல் ஒருவரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்கிறது. நல்ல கோட்பாடுதான். ஆனால் அது பேசுவது பணிநீக்கத்தைப் பற்றி, எச்சரிக்கையைப் பற்றி அல்ல. கட்டுப்படுத்துவதும் அதை ஏற்று உறுதிசெய்த நாடுகளை மட்டுமே. விதிப்புத்தகமே இல்லாத நிறுவனம் என்றால், குற்றச்சாட்டை அறியும் உரிமை, ஆதாரத்தைப் பார்க்கும் உரிமை, பதில் சொல்லும் உரிமை ஆகிய மூன்றையும் எளிய சொற்களில் எழுதுங்கள். இயற்கை நீதி என்று சொல்லப்படுவதன் முக்கியப் பகுதி அதுதான்.

என் பக்கமும் ஒரு சிறு தவறு இருக்கிறது. அதைச் சொன்னால் நானே மாட்டிக்கொள்வேன் அல்லவா?

சொல்லாமல் விட்டு அது மேல்முறையீட்டுக் கூட்டத்தில் வெளிவந்தால்தான் சிக்கல். கணக்கை மூடாமல் கிளம்பினேன் என்று நம் எழுத்தர் ஒப்புக்கொள்வது அவருக்கு இரண்டு வகையில் உதவுகிறது. வேறொருவர் அந்தக் கணக்கைப் பயன்படுத்தியிருக்க முடியும் என்ற அவருடைய விளக்கமே அந்த ஒப்புதலின் மேல்தான் நிற்கிறது. தவிர, நடந்த தவறு எந்த அளவினது என்பதையும் அது வரையறுக்கிறது: கணக்கை மூட மறந்ததற்கு விதிகளில் முதல் எச்சரிக்கை இருக்கலாம், பணிநீக்கத்துக்கு முந்தைய படியான இறுதி எச்சரிக்கை இருக்க வாய்ப்பில்லை. ஒப்புதலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். வருத்தத்தை ஒரு வாக்கியத்தில் சேர்க்கலாம். பத்தி பத்தியாக மன்னிப்புக் கேட்டால், பெரிய குற்றத்துக்கே மன்னிப்புக் கேட்பதாகப் படிக்கப்படும் ஆபத்து உண்டு.

எழுத உட்கார்ந்தாலே கோபம் வருகிறது. நடையை எப்படி அடக்குவது?

முதல் வரைவைக் கோபத்தோடே எழுதி முடியுங்கள். அனுப்புவது மட்டும் அதுவாக இருக்க வேண்டாம். மறுநாள் அதை எடுத்து, “வேண்டுமென்றே”, “அப்பட்டமாக”, “திட்டமிட்டு”, “கேலிக்கூத்து” போன்ற சொற்களை அடித்துவிட்டுப் படியுங்கள். சொல்லை எடுத்த பிறகும் வாக்கியத்தில் ஒரு தேதியோ ஆவணமோ மேற்கோளோ மிஞ்சினால் அந்த வாக்கியம் நிற்கட்டும். எதுவும் மிஞ்சவில்லை என்றால் வாக்கியத்தையும் அடித்துவிடலாம். “மேலாளர் என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை” என்ற வரி, “கணினிப் பதிவைப் பார்க்கும்படி நான் இருமுறை கேட்டது கூட்டக் குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் உள்ளது, முடிவுக் கடிதம் அதற்குப் பதில் கூறவில்லை” என்று மாறும்போது, அதே புகார் பத்து மடங்கு கூர்மையாகிறது.

சக ஊழியர் யாரையும் சந்தேகித்துப் பெயர் சொல்ல வேண்டாம். வேறு யார் மாற்றியிருப்பார்கள் என்பதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை அல்ல. பழைய மனத்தாங்கல்களுக்கும் இந்தக் கடிதத்தில் இடமில்லை. அவை உண்மையானவை என்றால் தனியே முறையீடாகக் கொடுக்க வேண்டியவை. நீளம் இரண்டு பக்கத்துக்குள் இருந்தால் முழுவதும் படிக்கப்படும்.

கடைசியில் என்ன கேட்பது? “நியாயம் வழங்குங்கள்” என்று முடிக்கலாமா?

அதிகாரி கையெழுத்துப் போடக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். எச்சரிக்கையை ரத்து செய்து பணிக்கோப்பிலிருந்து நீக்குவது முதல் கோரிக்கை. அது இயலாது என்று கருதினால், விடுபட்ட கணினிப் பதிவைப் பெற்று, சரியான குற்றச்சாட்டின் பேரில், தொடர்பில்லாத ஒருவர் மறுபடி விசாரிப்பது இரண்டாவது. அதுவும் இல்லையென்றால், ஒப்புக்கொண்ட தவறுக்கு ஏற்ற கீழ்நிலை எச்சரிக்கையாகக் குறைப்பது மூன்றாவது. ஒரே கோரிக்கையை மட்டும் வைத்தால், அதை ஏற்கத் தயங்கும் அதிகாரிக்கு மறுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. எச்சரிக்கை எத்தனை மாதம் செல்லும் என்று முடிவுக் கடிதத்தில் இல்லாவிட்டால், அதையும் தெளிவாக்கும்படி கேளுங்கள். காலவரையறை இல்லாத இறுதி எச்சரிக்கை பல விதிகளுக்கே முரணானது.

மேல்முறையீடு செய்தால் தண்டனையைக் கூட்டிவிடுவார்களா?

கூட்டக் கூடாது என்று பல நிறுவன விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. உங்கள் விதிகளில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். முடிவு வரும்வரை எச்சரிக்கை நடப்பில் இருப்பதாகவே கருதி நடந்துகொள்வது பாதுகாப்பு.

கேட்ட கணினிப் பதிவு கடைசியில் வந்து, அது எனக்கே எதிராக இருந்தால்?

அதனால்தான் “பதிவு என் தரப்பை நிரூபிக்கும்” என்று கடிதத்தில் எழுதக் கூடாது. “பதிவைப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது” என்று மட்டும் எழுத வேண்டும். பதிவு வந்தவுடன் கூட்டத்துக்கு முன்பே நகல் கேளுங்கள். அதைப் படிக்க ஒரு நாளாவது அவகாசம் கேளுங்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது நேரம். கணினியின் கடிகாரமும் வாயிலில் இருக்கும் வருகைப் பதிவுக் கருவியின் கடிகாரமும் ஒன்றாக ஓடுகின்றனவா என்பதை யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். நம் எழுத்தரின் வழக்கு முழுவதும் நிற்பது பதினைந்து நிமிட இடைவெளியில். இரண்டு கருவிகளுக்கும் இடையே இருபது நிமிட வேறுபாடு இருந்தால் அது அவருக்குச் சாதகமாகவும் திரும்பலாம், பாதகமாகவும் திரும்பலாம். பாதகமாகத் திரும்பினால், அந்தக் காரணத்தை எழுத்திலேயே திரும்பப் பெற்றுக்கொண்டு, குற்றச்சாட்டு மாறியது பற்றிய காரணத்தை மட்டும் வலியுறுத்தலாம். அது கடிகாரத்தை நம்பி நிற்கவில்லை.